அர்த்தஜாமம் எத்தனை மணிக்கு?

பெரிய சிவன் கோயில்களின் வாசலில் பூஜை நேரப் பலகை இருக்கும். தமிழில் ஒரு பத்தி, பக்கத்திலேயே ஆங்கிலத்தில் ஒரு பத்தி. தமிழ்ப் பத்தியில் குறை சொல்ல ஒன்றும் இருக்காது. ஆங்கிலப் பத்தியின் கடைசி வரியில் மட்டும் அடிக்கடி ஓர் உறுத்தல். அர்த்தஜாம பூஜைக்கு நேராக 'மிட்நைட் பூஜா' என்று எழுதி, அதற்கு எதிரே இரவு 8.45 என்று போட்டிருப்பார்கள். தமிழ் தெரிந்தவர் அந்தப் பக்கம் பார்ப்பதே இல்லை. தமிழ் தெரியாதவருக்கோ நள்ளிரவை நம்புவதா, எட்டே முக்காலை நம்புவதா என்று குழப்பம். பலகையில் மணியும் இல்லாமல் பெயர் மட்டும் இருந்துவிட்டால், அவர் சாப்பிட்டு முடித்துப் பதினொன்றரைக்குக் கிளம்பி வருவார். அதற்குள் சுவாமி பள்ளியறைக்கு எழுந்தருளி, கதவு சாத்தி, சாவியும் போயிருக்கும்.

பிழை ஒரு வார்த்தையோடு நின்றிருந்தால் திருத்திவிட்டுப் போய்விடலாம். ஆனால் அந்தப் பலகையின் ஆறு வரிகளையும் இப்படித்தான், ஒவ்வொன்றாக அகராதியில் தேடி ஆங்கிலமாக்குகிறார்கள். காலத்தின் பெயர் பொழுதைச் சொல்கிறது, பொழுதுக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் உண்டு, அதைப் போட்டால் வேலை முடிந்தது என்பது கணக்கு. அந்தக் கணக்குதான் தப்பு. கோயிலில் 'உச்சிக்காலம் ஆச்சா?' என்று கேட்பவர் மணி பன்னிரண்டு ஆயிற்றா என்று கேட்கவில்லை. அந்தப் பூஜை முடிந்துவிட்டதா என்றுதான் கேட்கிறார். பொழுதில் பிறந்த பெயர் பூஜைக்கு உரியதாகிப் பல நூற்றாண்டு ஆகிவிட்டது. பூஜையின் நேரத்தைக் கோயில் முன்னே பின்னே நகர்த்திக்கொள்ளும். பெயர் நகராது.

ஆறு வரிப் பலகை

ஆறு கால பூஜை நடக்கும் ஒரு கோயிலை மாதிரிக்கு எடுத்துக்கொள்வோம். காலை 5.30-க்கு நடை திறப்பு, மதியம் 12.30-க்கு நடை சாத்துதல். மறுபடி 4 மணிக்குத் திறந்து இரவு 9 மணிக்குச் சாத்துகிறார்கள். இடையில் உஷத்காலம் 6.00, காலசந்தி 8.00, உச்சிக்காலம் 11.30, சாயரட்சை 5.30, இரண்டாம் காலம் 7.30, அர்த்தஜாமம் 8.30. ஊருக்கு ஊர் அரை மணி, ஒரு மணி வித்தியாசம் இருக்கும். வரிசை பெரும்பாலும் இதுதான்.

இதை அகராதி வைத்து மாற்றினால் என்ன ஆகிறது என்று பாருங்கள். உஷத்காலம் 'டான்' ஆகிறது. அதில் பெரிய சேதமில்லை. உஷஸ் விடியல்தான், பூஜையும் விடியலை ஒட்டியே நடக்கிறது. காலசந்தியில் வரும் சந்தி இரண்டு பொழுதுகள் சந்திக்கும் இடம். அதை 'மார்னிங் ட்விலைட்' என்று போட்டால், எட்டு மணி வெயிலில் நிற்பவர் மங்கிய வெளிச்சத்தை எங்கே தேடுவார்? சாயரட்சையை 'ஈவினிங் புரொடக்‌ஷன்' என்று பிரித்து எழுதுகிறவர்களும் உண்டு. சாயம் மாலை, ரட்சை காப்பு, ஆகவே பகுதி பகுதியாகப் பார்த்தால் சரி. முழுதாகப் படிக்கும் வெளியூர்க்காரருக்கோ அது மாலைநேரப் பாதுகாப்பு ஏற்பாடு போலத் தொனிக்கும்.

அதிகம் குழப்புவது இரண்டாம் காலம்தான். 'செகண்ட் பூஜா' என்று எழுதி 7.30 என்று போட்டால், படிப்பவர் மேலிருந்து எண்ணுவார். உஷத்காலம் ஒன்று, காலசந்தி இரண்டு. ஆகவே இரண்டாவது பூஜை காலை எட்டு மணிக்கு என்று எடுத்துக்கொள்வார், இல்லாவிட்டால் 7.30 காலை நேரம் என்று நினைத்துக்கொள்வார். உண்மையில் அந்த இரண்டு, இரவுப் பக்கத்தின் எண். மாலைக்கு மேல் எண்ணிக்கை புதிதாகத் தொடங்குகிறது. சாயரட்சை முதலாவது, அடுத்தது இரண்டாவது. சிதம்பரத்தில் இது இன்னும் கவனிக்க வேண்டிய விஷயம். அங்கே ஸ்படிக லிங்கத்துக்கு நாள்தோறும் ஆறு முறை அபிஷேகம். காலசந்திக்கும் உச்சிக்காலத்துக்கும் நடுவில் ஓர் இரண்டாம் காலம், சாயரட்சைக்கும் அர்த்தஜாமத்துக்கும் நடுவில் இன்னோர் இரண்டாம் காலம். ஒரே பெயர் ஒரு நாளில் இரு முறை வருகிறது. 'செகண்ட் பூஜா' இரண்டு தடவை அச்சாகியிருந்தால் அச்சுப்பிழை என்றுதான் வெளியூர்க்காரர் நினைப்பார்.

இந்தப் பெயர்கள் எல்லா ஊருக்கும் பொதுவும் அல்ல. திருச்செந்தூரில் உதயமார்த்தாண்டம் என்று ஒரு பூஜை உண்டு. மதுரையில் நாள் திருவனந்தலில் தொடங்கிப் பள்ளியறையில் முடிகிறது. திருவரங்கத்தில் காலையில் முதலில் விஸ்வரூபம். இவற்றையெல்லாம் 'மார்னிங் பூஜா', 'நைட் பூஜா' என்று தட்டையாக்கிவிட்டால், வந்தவர் யாரிடமும் விசாரிக்கக்கூட முடியாது. 'மார்னிங் பூஜா எப்போது?' என்று அர்ச்சகரிடம் கேட்டால் எந்தப் பூஜையைச் சொல்வார்? காலையில் மட்டும் மூன்று இருக்கின்றன.

அர்த்தஜாமம்

ஒரு ஜாமம் மூன்று மணி நேரம், அதாவது ஏழரை நாழிகை. பகலுக்கு நான்கு, இரவுக்கு நான்கு. ஆறு மணியிலிருந்து எண்ணினால் இரவின் முதல் ஜாமம் ஒன்பதுக்கு முடியும், இரண்டாவது பன்னிரண்டுக்கு முடியும். இரவு சரிபாதியாகப் பிளக்கும் இடம் நள்ளிரவு. 'அர்த்தஜாமத்தில் எங்கே கிளம்பிட்டே?' என்று வீட்டில் கேட்டால் பன்னிரண்டு, ஒரு மணியைத்தான் சொல்கிறார்கள். ஆகவே 'மிட்நைட்' என்று எழுதியவர் தமிழ் தெரியாமல் எழுதவில்லை. வீட்டுப் பேச்சில் சரியான பொருளைக் கோயில் பலகைக்குக் கொண்டுவந்துவிட்டார், அவ்வளவுதான்.

கோயிலில் அர்த்தஜாமம் என்றால் அன்றைய கடைசிக் காலம். அது முடிந்தால் சுவாமி பள்ளியறைக்குப் போக வேண்டும். மதுரையில் சுந்தரேசுவரரின் திருவடிகள் பல்லக்கில் மீனாட்சியின் பள்ளியறைக்கு எழுந்தருளுவதைப் பார்க்கவென்றே இரவில் கூட்டம் காத்திருக்கும். பிறகு நடை சாத்துவார்கள். கோயிலை ஒன்பது, பத்து மணிக்குச் சாத்துவது என்று வைத்துக்கொண்டால், கடைசிப் பூஜை எட்டரைக்கோ ஒன்பதுக்கோ தொடங்கியாக வேண்டும். பெயர் நடு இரவைச் சொல்ல, பூஜை முன்னிரவில் நிற்பது இதனால்தான். ஆங்கிலத்தில் இந்த வரிக்குத் தேவையான விளக்கம், அது நாளின் கடைசிப் பூஜை என்பதும், அது முடிந்ததும் கோயில் மூடப்படும் என்பதும்தான். அரை, ஜாமம், நள்ளிரவு எதுவும் வேண்டாம். இந்த ஒரு வரியைச் சரியாக எழுதிப் பார்த்தவருக்கு மற்ற ஐந்து வரிகளுக்கும் வழி தெரிந்துவிடும். பெயரை அப்படியே ரோமன் எழுத்தில் வையுங்கள், மணியைப் போடுங்கள், அந்தப் பூஜை அன்றைய வரிசையில் எங்கே நிற்கிறது என்பதைச் சில சொற்களில் சொல்லுங்கள்.

இதற்கு ஓர் எதிர்ப்பு வரும். தமிழ் தெரியாதவருக்கு Sayaratchai என்ற ஒலியால் என்ன பயன் என்று கேட்பார்கள். பயன் இருக்கிறது. அர்ச்சனைச் சீட்டில் அதுதான் அச்சாகிறது, ஒலிபெருக்கியில் அதுதான் கேட்கிறது, பூக்கடைக்காரரிடம் கேட்டாலும் அவருக்குப் புரிவது அதுதான். பொருள் தெரியாவிட்டாலும் அந்தப் பெயரைச் சொன்னால் ஊரில் யாரும் வழிகாட்டுவார்கள். ஒரே ஒரு கவனம் வேண்டும். பலகையில் ஓர் எழுத்துக்கூட்டல், இணையதளத்தில் இன்னொன்று, கட்டணச் சீட்டில் வேறொன்று என்று இருக்கக் கூடாது. அர்த்தஜாமமே Arthajamam, Ardhajamam, Artha Jaamam என்று மூன்று வடிவில் திரிகிறது. பார்ப்பவர் இவற்றை மூன்று பூஜை என்றுகூட எண்ணலாம். ஒன்றைத் தேர்ந்து எல்லா இடத்திலும் அதையே போட வேண்டும்.

திரை போட்ட நேரம்

பெயரைச் சரிசெய்த பிறகும் மணியில் ஒரு சிக்கல் பாக்கி. பலகையில் இருக்கும் 11.30 எதற்கான நேரம்?

ஒரு காலம் என்பது ஒரு நொடியில் நடப்பதல்ல. முதலில் அபிஷேகம், பிறகு திரை போட்டு அலங்காரம், நைவேத்தியம், அதன்பின் திரை விலகித் தீபாராதனை. சிறிய கோயிலில் எல்லாம் இருபது நிமிடத்தில் முடியும். பெரிய கோயிலில் முக்கால் மணி, ஒரு மணிகூட ஆகும். உள்ளூர்க்காரர் இதை அறிந்தவர். உச்சிக்காலம் 11.30 என்றால், தீபாராதனை மட்டும் போதும் என்பவர் பன்னிரண்டுக்கு மேல் வருவார். அபிஷேகம் பார்க்க வேண்டியவர் பதினொன்றேகாலுக்கே வந்து உட்கார்ந்துவிடுவார். ஆங்கிலப் பலகையை நம்பி வருபவர் 'நூன் பூஜா' என்பதைப் பார்த்துச் சரியாகப் பன்னிரண்டுக்கு வருகிறார். அப்போது கருவறையில் திரை தொங்குகிறது. கோயில் மூடிவிட்டது என்று நினைத்துத் திரும்பிப் போகிறார். இன்னும் பத்து நிமிடம் நின்றிருந்தால் தீபாராதனையே பார்த்திருப்பார்.

இதனால் ஆங்கில வரியில் ஒவ்வொரு காலத்துக்கும் இரண்டு நேரம் இருப்பது நல்லது. ஒன்று தொடக்கம், மற்றது தீபாராதனை. உச்சிக்காலம் தொடக்கம் 11.30, தீபாராதனை ஏறத்தாழ 12.10 என்று போட்டு, இடையில் சிறிது நேரம் திரை போட்டிருக்கும், காத்திருக்கவும் என்று பலகையின் அடியில் ஒரு வரி சேர்த்தால் போதும். தீபாராதனை நேரத்தை அர்ச்சகர்களிடம் கேட்டுத்தான் எழுத வேண்டும். அலுவலகத்தில் இருக்கும் பட்டியலில் தொடக்க நேரம் மட்டுமே இருக்கும். திருவானைக்காவலில் உச்சிக்காலத்துக்கு அர்ச்சகர் அம்பாளாகப் புடவை உடுத்தி வந்து சுவாமியைப் பூஜிக்கிறார், கோபூஜையும் உண்டு. இதைப் பார்க்கவென்றே தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு 'நூன்' என்ற ஒரு சொல் போதவே போதாது.

காலை, மாலை, ஏ.எம்., பி.எம்.

பூஜைப் பெயர்கள் ஒரு பக்கம் என்றால், மணிக்கு முன்னால் நாம் போடும் காலை, மதியம், மாலை, இரவு என்ற அன்றாடச் சொற்கள் இன்னொரு பக்கம். இவற்றையும் சொல்லுக்குச் சொல் மாற்றினால் இடிக்கும். காரணம், நாள் வெட்டப்படும் இடம் இரு மொழியிலும் வேறு. கணினிகளும் கைபேசிகளும் மொழிவாரியான தேதி, நேர வடிவங்களுக்கு எடுத்துக்கொள்ளும் CLDR தரவில் இது பளிச்சென்று தெரியும். அதில் தமிழுக்கு அதிகாலை 3 முதல் 5 வரை, காலை 5 முதல் 12 வரை, மதியம் 2 மணி வரை, பிற்பகல் 4 வரை, மாலை 6 வரை, அந்தி மாலை 9 வரை, அதற்கு மேல் இரவு. ஆங்கிலத்துக்கோ காலை 6-இல்தான் தொடங்குகிறது. பன்னிரண்டிலிருந்து ஆறு வரை முழுவதும் 'ஆஃப்டர்நூன்', ஆறிலிருந்து ஒன்பது வரை 'ஈவினிங்', பிறகு விடிய ஆறு வரை 'நைட்'.

நம் மாதிரிப் பலகையில் இதைப் பொருத்திப் பாருங்கள். 'மாலை 4 மணிக்கு நடை திறப்பு' ஆங்கிலேயருக்கு 'ஆஃப்டர்நூன்'. 'காலை 5.30 நடை திறப்பு' அந்த அட்டவணைப்படி 'நைட்' பகுதியில் விழுகிறது. 'இரவு 7.30 இரண்டாம் காலம்' அவர்களுக்கு 'ஈவினிங்'. இந்தியாவுக்குள் 'ஈவினிங் ஃபோர்' என்றால் எல்லோருக்கும் புரியும், ஆகவே இது தவறு என்று சண்டை போட வேண்டியதில்லை. ஆனால் நேர அட்டவணையில் அந்தச் சொல்லால் ஒரு வேலையும் நடப்பதில்லை. மணியோடு ஏ.எம்., பி.எம். இருந்தாலே போதும்.

பன்னிரண்டு மணியில் மட்டும் விழிப்பு தேவை. 'மதியம் 12.30 நடை சாத்தப்படும்' என்பது 12.30 பி.எம். காலை நடை என்ற தலைப்பின் கீழ் வருவதால் தட்டச்சு செய்பவர் கை பழக்கத்தில் ஏ.எம். போட்டுவிடும். 5.30 ஏ.எம். முதல் 12.30 ஏ.எம். என்று அச்சாகிவிட்டால், கோயில் நள்ளிரவு தாண்டியும் திறந்திருக்கும் என்று பொருள். சரிபார்ப்பது எளிது. பலகையை 24 மணிக் கணக்கில் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். 5.30, 12.30, 16.00, 21.00 என்று எண்கள் ஏறிக்கொண்டே வர வேண்டும். எங்காவது 0.30 என்று இறங்கினால் அங்கே பிழை. சரியாகப் பன்னிரண்டு மணி என்றால் ஏ.எம்., பி.எம். இரண்டையும் விட்டு '12 நூன்' என்று எழுதுவதே தெளிவு.

மதிய இடைவேளையையும் விடாமல் எழுத வேண்டும். நமக்கு அது சொல்லாமலே தெரிந்த விஷயம். அதனாலேயே ஆங்கிலத்தில் '5.30 ஏ.எம். முதல் 9 பி.எம். வரை' என்று ஒரே வரியாகச் சுருக்கிவிடுகிறார்கள். அதைப் படித்து இரண்டு மணிக்கு வருபவர் இரண்டு மணி நேரம் வெறும் வாசலில் உட்கார வேண்டியதுதான். நடை நேரம் எப்போதும் இரண்டு வரியாக இருக்கட்டும். நடை என்ற சொல்லை 'வாக்' என்று மாற்றும் கொடுமை மொழிபெயர்ப்புக் கருவிகளால் இன்னும் நடக்கிறது. கோயில் திறப்பு, கோயில் மூடல் என்று ஆங்கிலத்தில் நேராகச் சொன்னால் முடிந்தது.

தேதி மாறும் இரவுகள்

அன்றாடப் பலகையில் தேதிக்கு வேலை இல்லை. சிவராத்திரி அன்று இருக்கிறது. அந்த ஓர் இரவில்தான் ஜாமக் கணக்கு கோயிலில் உண்மையாகவே நள்ளிரவைத் தாண்டிப் போகிறது. நான்கு காலமும் இரவின் நான்கு ஜாமங்களை ஒட்டி விடியும்வரை நடக்கும், லிங்கோத்பவருக்கான பூஜை நடு இரவை ஒட்டி வரும். 'மிட்நைட்' என்று ஆங்கிலத்தில் தயங்காமல் எழுதத் தகுந்த பூஜை அதுதான்.

சிக்கல் அடுத்த வரியில். நம் கணக்கில் நாள் என்பது சூரிய உதயத்திலிருந்து அடுத்த உதயம் வரை. பஞ்சாங்கமும் கிழமையை அப்படித்தான் கொள்கிறது. ஞாயிற்றுக்கிழமை சிவராத்திரி என்றால், விடியற்காலை நான்கரை மணிக்கு நடக்கும் நான்காம் காலமும் ஞாயிறு இரவின் பகுதியே. கல்யாணப் பத்திரிகையில் 'ஞாயிறு இரவு விடிந்தால் திங்கள்' என்று போடுவார்களே, அந்தத் தொடர் இந்த இடத்துக்கென்றே உண்டானது. ஆங்கிலக் கணக்கிலோ நள்ளிரவிலேயே திங்கள் பிறந்துவிடுகிறது. ஞாயிறு என்ற தலைப்பின் கீழ் நான்கு காலத்தையும் அடுக்கி, கடைசியில் 4.30 ஏ.எம். என்று எழுதினால், ஆங்கிலத்தில் படிப்பவர் ஞாயிறு விடியலில் வந்து நிற்பார். பூஜைக்கு முழுசாக இருபத்துநான்கு மணி நேரம் முன்னால்.

தேதியைத் தலைப்பில் ஒரு முறை போட்டு நிறுத்தாமல், ஒவ்வொரு வரியிலும் கிழமையோடு எழுதுவதுதான் இதற்கு வழி. முதல் இரண்டு காலத்துக்கு ஞாயிறும் அதன் தேதியும், நள்ளிரவுக்குப் பின் வருபவற்றுக்குத் திங்களும் அதன் தேதியும். வைகுண்ட ஏகாதசி சொர்க்கவாசல் திறப்புக்கும், திருவாதிரை அபிஷேகத்துக்கும் இதே முறை. இரவெல்லாம் கண் விழித்துக் காத்திருந்து விடியலில் பார்ப்பவை இவை. முந்தின நாள் இரவே வரிசையில் நிற்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதிவிட்டால் நல்லது.

கடைசியாக மார்கழி. டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை பல கோயில்களில் நடை நான்கு, நான்கரைக்கே திறந்துவிடும். திருப்பள்ளியெழுச்சி முன்னால் வந்து நிற்க, காலைப் பூஜைகளும் முன்னே நகரும். தமிழ்ப் பலகையில் ஒரு தாளை ஒட்டி 'மார்கழி மாதப் பூஜை நேரம்' என்று எழுதிவிடுவார்கள். ஆங்கிலப் பத்தி பழைய நேரத்தோடு அப்படியே நிற்கும், ஏனென்றால் அது பெயின்ட் அடித்த எழுத்து. அதனால் ஆங்கிலப் பத்தியில் பூஜைப் பெயரையும் விளக்கத்தையும் மட்டும் நிலையாக எழுதிவிட்டு, மணியை மாற்றக்கூடிய பட்டையில் செருகி வைப்பதே சரியான ஏற்பாடு. பட்டையில் 'மார்கழி' என்று மட்டும் போடாமல் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று ஆங்கில மாதத்தில் குறிக்க வேண்டும். தை பிறந்த அன்று காலையிலேயே பழைய பட்டையைத் திரும்பச் செருகும் பொறுப்பையும் அலுவலகத்தில் ஒருவர் பெயரில் எழுதிவிட வேண்டும்.